இல்லாத முக்கோணத்தின் பரப்பளவு

எருமப்பட்டி சாலையில் உள்ள அந்த விடுதிப் பள்ளியில் போய்க் குமரகுரு யார் என்று கேட்டால் காவலாளிகூட யோசிப்பான். ‘கீ சார்’ என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கணக்குத் தேர்வுக் கேள்விகளையும் அவற்றின் விடைக்குறிப்பையும், அதாவது ‘கீ’யையும், தயாரிப்பதுதான் குமரகுருவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே மேசை, அதே சிவப்புப் பேனா. பாடம் நடத்தும் ஆசிரியர்களின் படம் பேருந்து நிலையத்து பேனரில் ஆளுயரத்துக்குச் சிரிக்கும். இவர் படம் எங்கும் வந்ததில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை, வெளியே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு. அவருக்கு ஒரே ஒரு பெருமை போதுமானதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட கீயில் இதுவரை ஒரு விடைகூடத் தப்பானதில்லை.

இதை அவர் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. மனைவி உஷாராணிக்கு மனப்பாடம். “ஏனுங்க, அதை மறுபடியும் ஆரம்பிச்சிடாதீங்க” என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லுவாள். அவர் ஆரம்பித்துவிடுவார்.

பிறந்தது குமாரபாளையத்தில். அப்பா குமாரசாமி தறி ஓட்டியவர். பையனைத் தறிப்பக்கம் விடாமல் படிக்க வைத்தார். பையனும் கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருஷம் வேலையில்லாமல் சுற்றினான். அப்புறம்தான் இந்தப் பள்ளியின் நேர்காணல் வந்தது. அந்தக் கதைதான் குமரகுருவின் வாழ்க்கையிலேயே பெரிய கதை. அதை நன்றாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்த கேவலம் முழுவதும் அதற்கு எதிர்த்திசையில் நடந்தது.

பள்ளியின் தாளாளர் காளியண்ணன். எல்லோருக்கும் ‘பெரியவர்’. ஒரு காலத்தில் அவரே கணக்கு வாத்தியார். நேர்காணலுக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் தன் கையால் எழுதிய ஒரே சீட்டைக் கொடுத்தார். ஒரு முக்கோணத்தின் உள்வட்ட ஆரம் நான்கு, சுற்றுவட்ட ஆரம் ஏழு. அந்த இரண்டு வட்டங்களின் மையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

உள்வட்டம் முக்கோணத்துக்குள்ளே மூன்று பக்கங்களையும் தொட்டுக்கொண்டு நிற்பது. சுற்றுவட்டம் மூன்று முனைகளின் வழியாக வெளியே சுற்றிப் போவது. இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரத்துக்குச் சூத்திரம் இருக்கிறது. வெளி ஆரத்திலிருந்து உள் ஆரத்தின் இரு மடங்கைக் கழித்து, மிச்சத்தை வெளி ஆரத்தால் பெருக்கினால் அந்தத் தூரத்தின் வர்க்கம் வரும். ஏழில் எட்டைக் கழித்தால் மைனஸ் ஒன்று. அதை ஏழால் பெருக்கினால் மைனஸ் ஏழு. ஒரு தூரத்தின் வர்க்கம் எங்கேயாவது மைனஸில் வருமா? பதினோரு பேர் அந்த மைனஸைக் கண்டுகொள்ளாமல் விழுங்கிவிட்டு, ஏழின் வர்க்கமூலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சின்னப் பையனாக இருந்த குமரகுரு மட்டும் சீட்டைத் திருப்பி நீட்டினான்.

“இப்படி ஒரு முக்கோணமே கிடையாதுங்க. வெளிவட்ட ஆரம் உள்வட்ட ஆரத்துக்கு ரெண்டு மடங்காவது இருக்கோணும். உள்ளே நாலுன்னா வெளியே எட்டுக்குக் கொறையக் கூடாதுங்க.”

பெரியவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பதினேழு என்று எழுத நினைத்து ஏழு என்று எழுதிவிட்டிருந்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “என் தப்பை எம் மூஞ்சிக்கு நேரா சொன்ன மொத ஆளு நீதாம்ப்பா. நாளைக்கே வந்து சேந்துக்கோ” என்றார்.

அந்தப் பையனுக்குத்தான் இப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது.

கேள்வி தயாரிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. புதுக் கேள்வி என்று உலகத்தில் எதுவும் இல்லை. பழைய கேள்வியில் எண்ணை மாற்றுவதுதான் தொழில். மற்றவர்கள் எண்ணை மாற்றிச் சூத்திரத்தில் போட்டு, விடை முழு எண்ணாக வந்தால் அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். குமரகுரு அப்படிச் செய்ய மாட்டார். முதலில் மூன்று பக்கங்களை எழுதுவார். முக்கோணம் நிற்கிறதா என்று பார்ப்பார். பரப்பளவையும் ஆரங்களையும் அதிலிருந்து எடுத்து, கடைசியில்தான் கேள்வியாக்குவார். ஜூனியர்களையும் அப்படியே செய்யச் சொல்லி உயிரை எடுப்பார்.

இந்த வருஷம் ஏப்ரலில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான தகுதித் தேர்வு வந்தது. முதல் இருபத்தைந்து ரேங்குக்குள் வந்தால் இரண்டு வருஷமும் கட்டணமே இல்லாமல் தங்கிப் படிக்கலாம். இரண்டாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் எழுதுகிற தேர்வு. அதில் நாற்பத்தேழாம் கேள்வி எல்லோருக்கும் தெரிந்த பழைய முக்கோணம், பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. சுற்றளவு 42, உள்வட்ட ஆரம் 4, பரப்பளவு என்ன? ஆரத்தை அரைச் சுற்றளவால் பெருக்கினால் போதும். நாலு இருபத்தொன்று எண்பத்து நான்கு.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் குமரகுரு ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாள் தட்டச்சு செய்யும் அன்பரசு கைபேசியில் கூப்பிட்டான்.

“சார், நாப்பத்தேழாவது கேள்வி அப்படியே கைடுல இருக்குதுங்க. அச்சகத்துல நிக்கறேன். நம்பர் மட்டும் மாத்திச் சொல்லுங்க.”

வலது கையில் ரசம். இடது கையில் கைபேசி. எதிரே பாயசம் வந்துகொண்டிருந்தது. “சுற்றளவை முப்பதுன்னு போடு. ஆரம் நாலே இருக்கட்டும். நாலு பதினஞ்சு அறுபது. கீயில அறுபதைப் போட்டுக்கோ” என்றார். மூன்று பக்கங்களை எழுதிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பாயசம் நன்றாக இருந்தது என்று உஷாராணியிடம் சொன்னதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

தேர்வு முடிந்து ரேங்குப் பட்டியல் வந்தது. நாற்பத்தேழாம் கேள்விக்கு, ஒரே ஒருத்தியைத் தவிர அத்தனை பேரும் சூத்திரத்தில் போட்டு அறுபதுக்கான வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தார்கள். கீயோடு சண்டை போட விரும்புகிறவர்களுக்கு ஒரு ஆட்சேபணைப் படிவம் உண்டு. அதைப் பரிசீலித்து முடிவு சொல்கிற குழுவும் உண்டு. அந்தக் குழுவில் ஒரே ஆள்தான், கீ தயாரித்த குமரகுரு. தன் மேல் வரும் புகாரைத் தானே விசாரிக்கும் வசதி நம் ஊரில் எல்லா அதிகாரிகளுக்கும் கிடைப்பதில்லை.

இந்த வருஷம் வந்தது ஒரே படிவம். பெயர் இனியா, எருமப்பட்டி அரசுப் பள்ளி. ரேங்கு இருபத்தாறு. இருபத்தைந்தாம் ரேங்குக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. நாற்பத்தேழாம் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாள். ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண், தப்பு விடைக்கு ஒன்று கழியும். கேள்வி தப்பு என்று தள்ளுபடியானால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்பது பள்ளியின் விதி. அறுபது என்று எழுதியவர்களுக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இனியாவுக்கு மட்டும் புதிதாக நான்கு வரும், அவள் இருபத்தைந்துக்குள் வந்துவிடுவாள். படிவத்தில் அவள் எழுதியிருந்தது நாலே வரி.

‘சுற்றளவு 30 உள்ள முக்கோணங்களில் பரப்பளவு அதிகமானது சமபக்க முக்கோணம். பக்கம் 10 வைத்தால் பரப்பளவு 43.3. ஆரம் 4 உள்ள வட்டத்தின் பரப்பளவே 50-ஐத் தாண்டுகிறது. முக்கோணத்துக்குள் இருக்கும் வட்டம் முக்கோணத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது.’

குமரகுரு சிரித்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தார். பக்கங்களைக் கண்டுபிடித்து இந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அரைச் சுற்றளவு பதினைந்து. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்தால் மூன்று எண்கள் வரும். மூன்றையும் கூட்டினால் பதினைந்து. மூன்றையும் பெருக்கி, அதைப் பதினைந்தால் பெருக்கினால் பரப்பளவின் வர்க்கம் வர வேண்டும். அறுபதின் வர்க்கம் 3600. ஆகவே மூன்று எண்களின் பெருக்கல் 240. சரி, கூட்டினால் பதினைந்தும் பெருக்கினால் இருநூற்று நாற்பதும் வருகிற மூன்று எண்கள் எவை? நான்கு, ஐந்து, ஆறு: 120. ஐந்து, ஐந்து, ஐந்து: 125. அதற்கு மேல் ஏறவே ஏறாது. தலைகீழாக நின்றாலும் 125-தான்.

பேனாவைக் கீழே வைத்தார். ராசிபுரத்துப் பாயசம் நெஞ்சுக்குள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஒரு நியாயமான மனிதன் அந்த இடத்திலேயே ‘ஆட்சேபணை ஏற்கப்பட்டது’ என்று எழுதியிருப்பான். இரண்டே வார்த்தை. குமரகுருவின் மூளையோ அன்றைக்குப் பார்த்துக் கருணையால் பொங்கி வழிந்தது. இந்தப் பெண்ணை உள்ளே விட்டால் இருபத்தைந்தாவது பிள்ளை வெளியே போகுமே, அது பாவமில்லையா என்று யோசித்தது. பெரியவர் நினைத்தால் இருபத்தாறாவது நாற்காலி போட ஒரு நிமிஷம் ஆகாது என்பதும் அதே மூளைக்குத் தெரியும். பாவமும் கிடையாது புண்ணியமும் கிடையாது. ‘ஒரு கீகூடத் தப்பானதில்லை’ என்ற வாக்கியத்தை இனிமேல் சொல்ல முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே அம்மாவோடு வந்துவிட்டாள். அம்மா பொன்னாயி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் எட்டு மாசம். பொன்னாயி நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றாள். இனியா பையிலிருந்து ஒரு பவுடர் டப்பா மூடியையும் முடிச்சுப் போட்ட ஒரு நூலையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“சார், இந்த மூடி குறுக்கே எட்டு சென்டிமீட்டருங்க. ஆரம் நாலு. நூலு முப்பது சென்டிமீட்டரு. நீங்களே வச்சுப் பாருங்க.”

மேசைமேல் கிடந்த அட்டையில் மூன்று குண்டூசி குத்தி, நூலை மாட்டி, பக்கத்துக்குப் பத்தாகச் சமபக்க முக்கோணம் செய்தாள். அதன் நடுவில் மூடியை வைத்தாள். மூடி மூன்று பக்கமும் நூலைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குண்டூசியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். ஒரு பக்கம் இடம் கொடுத்தால் இன்னொரு பக்கம் இன்னும் நெருக்கியது.

“நாப்பத்தொண்ணரை சென்டிமீட்டருக்கு மேல நூல் வேணுங்க சார், இந்த மூடியைச் சுத்தி முக்கோணம் கட்ட” என்றாள்.

கணக்கு அதுவும் சரி. குமரகுரு மூடியைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தார்.

“இது தேர்வு. நூலு கட்டி வெளையாடற எடம் இல்ல. பரப்பளவுக்குச் சூத்திரம் என்ன?”

“ஆரத்தை அரைச் சுற்றளவால பெருக்கோணுங்க.”

“போட்டா அறுபது வருதா இல்லையா?”

“வருதுங்க சார்.”

“அப்பறமென்ன?”

“முக்கோணந்தான் வரலைங்க சார்.”

பக்கத்து மேசையில் அன்பரசுவின் விரல்கள் நின்றுவிட்டன. குமரகுருவுக்குக் காதுமடல் சுட்டது. அப்போது அவருக்குத் தோன்றியது வெட்கம் இல்லை, கோபம். பதினைந்து வயசுப் பெண் தன் வேலையைத் தனக்கே கற்றுக் கொடுக்க வந்திருக்கிறாள் என்ற பச்சைக் கோபம்.

“கேள்வியில குடுத்ததை வச்சு விடை எழுதோணும். குடுத்தது சரியான்னு பாக்கறது உன் வேலை இல்ல. ஒழுங்காச் சூத்திரம் தெரிஞ்ச பிள்ளைக எழுதிட்டாங்க. உனக்கு வரலை, விட்டுட்டே. அதுக்கு இத்தனை ஜோடனை.”

இனியா ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினாள். “அப்படின்னா ஒருக்கா வரைஞ்சு மட்டும் காட்டுங்க சார். நான் போயர்றேன்.”

குமரகுரு பென்சிலை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். காப்பாற்றியது பொன்னாயி. ஓடி வந்து மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“வாயை மூடு சாமி. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். எத்தனை பிள்ளைகளை டாக்டராக்குன எடம் இது. இவளுக்கு வாய் கொஞ்சம் நீளமுங்க சார். மன்னிச்சுக்கோங்க. மனசுல வச்சுக்காதீங்க.”

இரண்டு கையையும் கூப்பினாள். முட்டைத் தட்டு தூக்கிக் காய்த்துப்போன கைகள். குமரகுரு பரவாயில்லை என்பதுபோலத் தலையை அசைத்தார். மன்னித்துவிட்டாராம். அவர்கள் போன பிறகு படிவத்தில் ‘ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மூடி மேசைமேலேயே கிடந்தது. அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.

சாயங்காலம் பெரியவர் போனில் கேட்டார். “ஏப்பா குமரகுரு, ஏதோ ஆட்சேபணை வந்துச்சாமே? நம்ம கேள்வி சரிதானே?”

“சரிதானுங்க.”

“நீ சொன்னா சரி.” போனை வைத்துவிட்டார். அவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று குமரகுரு பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பவும் முயன்றார்.

ஜூன் பிறந்து பள்ளிகள் திறந்தன. ஒரு நாள் சாயங்காலம் எருமப்பட்டி பக்கமிருந்து வந்த பேருந்தில் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சீருடையில் இனியா நின்றுகொண்டிருந்தாள். இப்போது நாமக்கல்லில் அத்தை வீட்டிலிருந்துதான் தினமும் பள்ளிக்கு வந்து போகிறாளாம். அவரைப் பார்த்ததும் நிற்க இடம் விட்டு ஒதுங்கினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“என்ன குரூப் எடுத்திருக்கே?”

“வணிகவியலுங்க சார்.”

“கணக்கு?”

“அம்மா ஒப்பலைங்க. பெரிய பள்ளிக்கூடத்து சாரே உனக்குக் கணக்கு வரலைன்னுட்டாரு, அப்பறம் அது எதுக்குன்னு சொல்லிடுச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும் குரூப் மாத்திக்கலாமுன்னு டீச்சர் சொன்னாங்க. அம்மா கேக்கலைங்க.”

பேருந்து குலுங்கியது. குமரகுரு அவள் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே ஓடிய கோழிப்பண்ணைக் கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உன் கணக்கு சரிம்மா. அப்படி முக்கோணம் இல்ல.”

“தெரியுங்க சார்” என்றாள். “அதைப் பெரியவர்கிட்டச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள்.

“நாளைக்கே சொல்றேன்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னப் பிள்ளைச் சிரிப்பு. நம்பிவிட்டாள். நாமக்கல்லில் இறங்கும்போது, “வாரேனுங்க சார்” என்றாள். அன்று வீடு வரைக்கும் குமரகுருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எவ்வளவு எளிது, இத்தனை நாள் இதற்கா பயந்தோம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் அறைக்குப் போனார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். உள்ளே கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. தேவிப்ரியா என்று ஒரு பெண், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பெரியவர் இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வா குமரகுரு, சரியான நேரத்துக்குத்தான் வந்தே. இந்தாம்மா, இவரைத் தெரியுமா உனக்கு? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இதே நாற்காலியில உக்காந்துதான் என் கேள்வி தப்புன்னு சொன்னாரு. உள்ளே நாலுன்னா வெளியே எட்டு வேணும், இது முக்கோணமே இல்லைன்னு சொன்னாரு. பதினோரு பேர் பயந்துகிட்டு வாயை மூடிட்டாங்க. இவரு சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் இவர் கீயில ஒரு தப்பு வந்ததில்ல. கணக்கு வாத்தியாருன்னா இப்படி இருக்கோணும்.”

தேவிப்ரியா எழுந்து வணக்கம் சொன்னாள். அவள் கண்ணில் இருந்த மரியாதையைக் குமரகுரு பார்த்தார். கட்டி வைத்த வரிசையில் முதல் வார்த்தையைத் தேடினார். பெரியவருக்கு முன்னால் வாய் திறந்தும்விட்டார்.

“என்னப்பா, ஏதாவது சொல்லோணுமா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப இந்தப் பொண்ணுக்கு நீயே ஒரு கேள்வி குடு. உன் வழக்கப்படி.”

ஒரு வழி இன்னும் திறந்திருந்தது. நாற்பத்தேழாம் கேள்வியையே கொடுக்கலாம். இந்தப் பெண் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் விஷயம் மேசைமேல் வந்துவிடும். அவர் வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை. குமரகுரு சீட்டை எடுத்தார். சுற்றளவு என்று எழுதினார். பேனா கொஞ்ச நேரம் நின்றது.

42 என்று எழுதினார். உள்வட்ட ஆரம் 4. பரப்பளவு என்ன?

தேவிப்ரியா அரை நிமிஷத்தில் சொன்னாள். “எண்பத்து நாலுங்க சார். பதிமூணு, பதினாலு, பதினஞ்சு முக்கோணம்.”

“சரி” என்றார் குமரகுரு.

குரூப் மாற்றக் கடைசி நாளான ஜூன் முப்பது அந்த வாரமே வந்து போனது. அந்த வாரம் முழுக்க அவர் சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி வேறு பேருந்தில் போனார்.